கண்ணுக்குத் தலைப்பு, காதுக்கு வெறும் வரி

ஒரு கல்லூரியின் சேர்க்கைக் கையேடு கைக்கு வந்தால் அதை யாரும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பதில்லை. புரட்டுகிறோம். கொட்டை எழுத்தில் ‘கட்டண விவரம்’ என்று தெரிந்த இடத்தில் கண் நின்றுவிடுகிறது. அட்டவணையில் வேண்டிய பாடத்தைத் தேடி, விரலைக் குறுக்கே ஓட்டி, தொகையைப் பார்த்துவிட்டு மூடி வைக்கிறோம். அரை நிமிட வேலை.

பார்வையற்ற மாணவி ஒருத்திக்கும் அதே கையேடுதான் வாட்ஸ்அப்பில் வருகிறது. அவள் அதை ஸ்கிரீன் ரீடர் கொண்டு கேட்கிறாள். திரையில் இருக்கும் எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும் மென்பொருள் அது. கணினியில் பலரும் பயன்படுத்துவது என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-ல் எழுதத் தொடங்கிய மென்பொருள் இது. இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் இருக்கிறது. ஆகவே கேட்பதற்கான கருவி மாணவியிடம் இருக்கிறது. ஆனாலும் நமக்கு அரை நிமிடத்தில் கிடைத்த கட்டணத் தொகைக்காக அவள் இருபது பக்கத்தையும் கேட்க வேண்டியிருக்கலாம். கேட்டும் தொகை தெரியாமல் போகலாம். அப்படி ஆவதற்குக் காரணம், கையேட்டைத் தட்டச்சு செய்த விதம்.

ஒரு மாதிரிக் கையேட்டை எடுத்துக்கொள்வோம். அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் சேர்க்கைக் கையேடு. வேர்டில் தயாரான இருபது பக்கம். கல்லூரி கற்பனையானது. அதன் குறைகள் நம் ஊர் அலுவலக ஆவணங்களில் அன்றாடம் காணப்படுபவை.

முதலில் எழுத்துருவைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் இது சரியில்லாவிட்டால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரியும் சொல், கோப்புக்குள் `jkpo;` என்றுதான் பதிவாகியிருக்கிறது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்கிரீன் ரீடர் உருவத்தைப் பார்ப்பதில்லை. பதிவான எழுத்தை எடுத்து ‘ஜே கே பி ஓ’ என்று வாசிக்கும். இருபது பக்கமும் அப்படித்தான். உங்கள் கோப்பு எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்துகளாக உதிர்ந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் அடுத்த வேலை. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியதும் எண்களையும் நிறுத்தக்குறிகளையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். இடையில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழ் எழுத்தாகிச் சிதைந்திருக்கும்.

நம் மாதிரிக் கையேடு யூனிகோடில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

அதில் பன்னிரண்டு தலைப்புகள் இருக்கின்றன. தட்டச்சு செய்தவர் ஒவ்வொன்றையும் அழகாகத்தான் செய்திருக்கிறார்: வரியைத் தேர்ந்தெடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, நடுவில் நிறுத்தி, அடிக்கோடும் இட்டிருக்கிறார். பார்ப்பவருக்கு அது தலைப்பு. கோப்பைப் பொறுத்தவரை அது மற்ற வரிகளைப் போன்ற இன்னொரு வரி. எழுத்து மட்டும் பெரிது. ‘இது தலைப்பு’ என்று வேர்டுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் ஸ்கிரீன் ரீடரும் அதை மாணவிக்குச் சொல்ல வழியில்லை.

சொல்வதற்கு வேர்டிலேயே இடம் இருக்கிறது. Home பட்டியில் Styles என்ற பகுதியில் Heading 1, Heading 2, Heading 3 என்று வரிசையாக இருக்கும். கையேட்டின் பெயருக்கு Heading 1. ‘சேர்க்கைத் தகுதி’, ‘கட்டண விவரம்’, ‘விடுதி’ போன்ற பகுதிகளுக்கு Heading 2. விடுதிக்குள்ளே ‘மாணவியர் விடுதி’, ‘உணவுக் கட்டணம்’ என்று பிரிந்தால் அவற்றுக்கு Heading 3. விசைப்பலகையில் Ctrl, Alt இரண்டையும் அழுத்திக்கொண்டு 1, 2, 3 என்று தட்டினாலும் போதும்.

இதைச் செய்த பிறகு மாணவியின் பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அவள் Insert விசையோடு F7-ஐ அழுத்துகிறாள். பன்னிரண்டு தலைப்புகளும் ஒரு பட்டியலாக எழுந்து வருகின்றன. அம்புக்குறியால் இறங்கி ‘கட்டண விவரம்’ என்று காதில் விழுந்ததும் என்டர் தட்டுகிறாள். நேரே அந்தப் பக்கத்துக்குப் போய்விடுகிறாள். அல்லது வாசிப்பு முறையில் இருந்துகொண்டு H விசையைத் தட்டத் தட்ட ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவலாம். 2 என்ற விசையைத் தட்டினால் இரண்டாம் நிலைத் தலைப்புகளில் மட்டும் தாவலாம். நாம் கண்ணால் புரட்டியதை அவள் விரலால் புரட்டுகிறாள். வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துவோரிடம் அவ்வப்போது கருத்துக் கேட்டு வருகிறது. நீளமான பக்கத்தில் வேண்டிய செய்தியை எப்படித் தேடுகிறீர்கள் என்ற கேள்விக்கு அண்மைய சுற்றுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் தந்த பதில், ‘தலைப்பு தலைப்பாகத் தாவி’ என்பதுதான்.

Heading 1 கொடுத்ததும் எழுத்து நீல நிறமாகி, அளவும் மாறிவிடுகிறது என்பதற்காகவே பலர் இந்தப் பக்கம் வருவதில்லை. அந்தத் தோற்றம் கட்டாயமில்லை. தலைப்பை உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒருமுறை அமைத்துக்கொள்ளுங்கள். அதைத் தேர்ந்தெடுத்தபடியே Styles பகுதியில் Heading 2 மீது வலது கிளிக் செய்து ‘Update Heading 2 to Match Selection’ என்பதைத் தட்டுங்கள். இனி அந்த ஆவணத்தின் எல்லா Heading 2-ம் உங்கள் தோற்றத்திலேயே வரும்.

நிலைகளை எழுத்தின் அளவுக்காகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. Heading 4 பார்க்கச் சிறிதாக நன்றாக இருக்கிறதே என்று Heading 1-க்கு அடுத்து அதைப் போட்டால், இடையில் இரண்டு நிலை எங்கே போயிற்று, எதையாவது தவறவிட்டுவிட்டோமா என்று கேட்பவர் பின்னோக்கிப் போய்த் தேடுவார். அதுபோல, அழுத்தமாகத் தெரியட்டும் என்று ஒரு முழுப் பத்தியையே தலைப்பாக்குவதும் தவறு; தலைப்புப் பட்டியல் அதனால் குழம்பிப்போகும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க View பட்டியில் Navigation Pane என்பதை டிக் செய்யுங்கள். இடப்பக்கம் தெரியும் பட்டியல்தான் மாணவி கேட்கப்போவது. அது ஒரு நல்ல பொருளடக்கமாகப் படித்தால் தலைப்பு வேலை முடிந்தது.

கையேட்டில் நான்கு படங்கள் இருக்கின்றன: கல்லூரி முத்திரை, வழிகாட்டும் வரைபடம், விண்ணப்ப எண்ணிக்கையைக் காட்டும் பட்டை வரைபடம், ஒரு க்யூஆர் கோடு. விவரிப்பு எதுவும் எழுதாவிட்டால் நான்கு இடத்திலும் ஸ்கிரீன் ரீடர் ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். விவரிப்பு எழுத, படத்தின் மீது வலது கிளிக் செய்து View Alt Text என்பதைத் திறக்க வேண்டும். சில பதிப்புகளில் Edit Alt Text என்று இருக்கும். வலப்பக்கம் ஒரு பெட்டி வரும். எழுதுவது எளிது. என்ன எழுதுவது என்பதில்தான் யோசனை வேண்டும்.

படத்தில் என்னென்ன தெரிகிறது என்று பட்டியல் போட வேண்டியதில்லை. இந்தப் படம் இந்த இடத்தில் எதற்காக இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு நான்கு படங்களும் நான்கு விதமான பதில் தருகின்றன.

முத்திரைக்குப் பக்கத்திலேயே கல்லூரியின் பெயர் எழுத்தில் இருக்கிறது. அதையே விவரிப்பிலும் எழுதினால் பெயர் இரண்டு முறை காதில் விழும். அந்தப் பெட்டியிலேயே Mark as decorative என்று ஒரு கட்டம் இருக்கிறது; அதை டிக் செய்துவிடலாம். அலங்காரக் கோடு, பூ வேலை எல்லாவற்றுக்கும் இதேதான்.

வரைபடம் அப்படியில்லை. ‘கல்லூரி வரைபடம்’ என்று எழுதினால் அது பெயர்ப்பலகை, வழி தெரியாது. பேருந்து நிலையத்தின் எந்த வாசலில் வெளியே வர வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனையாவது தெரு என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். இவ்வளவையும் விவரிப்புப் பெட்டிக்குள் திணிப்பதைவிட, படத்துக்குக் கீழே எல்லோரும் படிக்கும்படி ஒரு பத்தியாக எழுதுவது மேல். வரைபடம் புரியாத பெற்றோர் பலருக்கும் அது உதவும். பிறகு விவரிப்பில், ‘பேருந்து நிலையத்திலிருந்து கல்லூரிக்கு வரும் வழி, விவரம் கீழே உள்ள பத்தியில்’ என்று முடித்துக்கொள்ளலாம். பொதுவாகவே விவரிப்பு ஒன்றிரண்டு வாக்கியத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் அதை மூச்சு விடாமல் ஒரே ஓட்டமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. ‘இந்தப் படத்தில்’ என்றும் தொடங்க வேண்டாம். படம் என்பதை ஸ்கிரீன் ரீடரே முன்னால் சொல்லிவிடுகிறது.

பட்டை வரைபடத்துக்கு அது நிறுவ வந்த செய்தியை எழுத வேண்டும்: ‘மூன்று ஆண்டுகளாக விண்ணப்பங்கள் ஆண்டுதோறும் கூடியிருக்கின்றன, எண்கள் அடுத்துள்ள அட்டவணையில்’. பட்டைகளின் நிறம் கேட்பவருக்குத் தேவையில்லை. க்யூஆர் கோடுக்கு, அது எந்த இணைய முகவரிக்குப் போகுமோ அதைப் பக்கத்திலேயே எழுத்தாகக் கொடுத்துவிட்டால் விண்ணப்பப் பக்கம் அவளுக்கும் திறக்கும்.

படங்களை வைக்கும் விதமும் முக்கியம். வலது கிளிக் செய்து Wrap Text என்பதில் In Line with Text என்று வைத்தால் படம் பத்தியின் ஓட்டத்தில் ஓர் எழுத்துபோல உட்கார்ந்துவிடும். மற்ற அமைப்புகளில் அது பக்கத்தின் மேல் மிதக்கிறது. ஸ்கிரீன் ரீடர் அதை எந்த வரியோடு சேர்த்துச் சொல்லும் என்று உறுதி சொல்ல முடியாது. டெக்ஸ்ட் பாக்ஸும் இதே வகை. நம் ஊரில் முக்கியமான செய்தி எதுவோ அதைத்தான் வண்ணமிட்ட டெக்ஸ்ட் பாக்ஸில் போடுவது வழக்கம். பக்கத்தைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டு போகிறவருக்கு அந்தப் பெட்டி வராமலே போய்விடலாம். அப்புறம் கல்லூரி அலுவலகத்துக்கு ஒரு போன் வரும்.

“சார், கடைசித் தேதி போடவே இல்லையே?”

“முதல் பக்கத்துலயே பெரிய கட்டம் கட்டிப் போட்டிருக்கேம்மா!”

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. டெக்ஸ்ட் பாக்ஸுக்குப் பதில் சாதாரணப் பத்தியாகவே எழுதி, Borders மூலம் சுற்றிலும் கோடு போட்டு, Shading மூலம் நிறமும் கொடுத்துவிட்டால், கண்ணுக்கு அதே கட்டம்தான். காதுக்கும் தேதி வந்து சேரும்.

இனி அட்டவணை. மாணவி தேடி வந்த கட்டணம் இங்கேதான் இருக்கிறது. ஆவணங்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான்.

ஸ்கிரீன் ரீடர் அட்டவணையை இடமிருந்து வலமாக ஒரு வரிசையை முடித்துவிட்டு அடுத்த வரிசைக்கு இறங்கி, கட்டம் கட்டமாக வாசிக்கும். நம் கையேட்டில் ஆறு பாடங்கள் இருக்கின்றன. ஆனால் தட்டச்சு செய்தவர் ஆறு வரிசை போடவில்லை. ஒரே வரிசையில் முதல் கட்டத்துக்குள் பாடத்தின் பெயரை எழுதி என்டர், அடுத்த பெயரை எழுதி என்டர் என்று ஆறையும் அடுக்கிவிட்டார். பக்கத்துக் கட்டத்தில் ஆறு தொகைகளையும் அதேபோல அடுக்கி, எதிரெதிரே வருகிற மாதிரி சரிக்கட்டியிருக்கிறார். அச்சில் குறை தெரியாது. காதில் விழுவது இது: ‘தமிழ், ஆங்கிலம், வரலாறு, கணிதம், இயற்பியல், வணிகவியல்’, அதன் பிறகு ஆறு தொகைகள் தொடர்ச்சியாக. ஐந்தாவது தொகை எந்தப் பாடத்துக்கு என்று அவள் விரல்விட்டு எண்ண வேண்டும். ஒரு பெயர் நீளமாகி இரண்டு வரியானால், எதிரே தொகையைச் சரிக்கட்டப் போட்ட காலி என்டரும் அந்த எண்ணிக்கையில் குறுக்கிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கிரீன் ரீடர்கூடத் தேவையில்லை. அட்டவணையின் முதல் கட்டத்தில் கர்சரை வைத்து Tab விசையைத் தட்டிக்கொண்டே போங்கள். கர்சர் போகும் வழியில்தான் வாசிப்பும் போகும். ‘தமிழ்’ என்பதற்கு அடுத்த தாவலில் தமிழுக்கான தொகை வரவில்லை என்றால் அட்டவணை தவறு. Tab தட்டியதும் வரியில் இடைவெளி மட்டும் விழுந்தால் அது அட்டவணையே இல்லை. இடைவெளி விட்டு விட்டு வரிசை கட்டியிருக்கிறார்கள்.

ஆறு பாடத்துக்கும் ஆறு வரிசை போட்டாயிற்று. அடுத்த சிக்கல், இணைத்த கட்டங்கள். இந்தக் கல்லூரியில் காலை, மாலை என இரண்டு ஷிப்ட். அட்டவணையின் மேல் வரியில் இரண்டு கட்டங்களை இணைத்து ‘காலை’, அடுத்த இரண்டை இணைத்து ‘மாலை’. அவற்றுக்குக் கீழே ‘இடங்கள்’, ‘கட்டணம்’, ‘இடங்கள்’, ‘கட்டணம்’. கணிதம் என்ற வரிசையில் நான்காவது கட்டத்துக்கு மாணவி வரும்போது ‘40’ என்று கேட்கிறது. கண்ணால் பார்ப்பவர் நேரே மேலே பார்த்து மாலை ஷிப்டில் நாற்பது இடம் என்று புரிந்துகொள்வார். அவளுக்கு அதிகம் போனால் ‘இடங்கள் 40’ என்று வரும். காலையா மாலையா என்பது இணைத்த கட்டத்தில் இருப்பதால் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. சில வேளை கட்டங்களின் எண்ணிக்கையே பிசகி, தவறான தலைப்போடு எண்ணைச் சொல்லிவிடும். ஒன்றும் சொல்லாமல் இருப்பதைவிடத் தவறாகச் சொல்வது மோசம்.

தீர்வு, அட்டவணையை உடைப்பது. ‘காலை ஷிப்ட்’ என்று ஒரு தலைப்பு, அதன் கீழ் பாடம், இடங்கள், கட்டணம் என்று மூன்று நெடுவரிசை கொண்ட ஓர் அட்டவணை. ‘மாலை ஷிப்ட்’ என்று இன்னொன்று. எந்தக் கட்டமும் இணைக்கப்படவில்லை. மாலையில் இயற்பியல் இல்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடாமல் ‘இல்லை’ என்று எழுதுங்கள். காலிக் கட்டம் விடுபட்டதா, இல்லாததா என்று கேட்பவருக்குத் தெரியாது. பக்கம் அரைப் பக்கம் கூடும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கடைசியாக, முதல் வரிசைதான் தலைப்பு வரிசை என்பதை வேர்டுக்குச் சொல்ல வேண்டும். அந்த வரிசையில் கர்சரை வைத்து, Table Design பட்டியில் Header Row என்பது டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பக்கத்து Layout பட்டியில் Repeat Header Rows என்பதைத் தட்டுங்கள். இந்த இரண்டாவது தட்டு இல்லாமல் முதல் வரிசை நிறம் மாறியிருந்தால் மட்டும் போதாது. இப்போது மாணவி Ctrl, Alt விசைகளோடு அம்புக்குறியைத் தட்டி நான்கு திசையிலும் நகரலாம். வணிகவியல் வரிசையில் வலப்பக்கம் நகரும்போது ‘இடங்கள் 60’ என்றும், இன்னொரு தட்டில் ‘கட்டணம்’ என்ற சொல்லோடு தொகையும் வரும். அவள் வந்த வேலை முடிந்தது.

வேர்டில் Review பட்டியில் Check Accessibility என்று ஒரு சோதனை இருக்கிறது. விவரிப்பு இல்லாத படம், தலைப்பு வரிசை இல்லாத அட்டவணை, இணைத்த கட்டம் இவற்றைச் சுட்டிக்காட்டும். ஓட்டிப் பாருங்கள், ஆனால் அது ‘குறை இல்லை’ என்று சொன்னதை வைத்து ஓய்ந்துவிடாதீர்கள். வரைபடத்துக்கு ‘படம் 2’ என்று விவரிப்பு எழுதியிருந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். ஒரு கட்டத்துக்குள் ஆறு என்டர் போட்ட அட்டவணையை அது கண்டுகொள்ளாது. பாமினியும் அதற்குத் தெரியாது.

இவ்வளவும் செய்த கோப்பு, அனுப்பும்போது பாழாவதுதான் பெரிய வருத்தம். பிடிஎஃப் ஆக்கும்போது Print என்று போய் Microsoft Print to PDF என்பதைத் தேர்ந்தெடுத்தால் தலைப்பு, விவரிப்பு, அட்டவணை அமைப்பு எல்லாம் உதிர்ந்துவிடும். Save As மூலம் PDF வகையைத் தேர்ந்தெடுத்து, Options என்பதைத் திறந்து, Document structure tags for accessibility என்பது டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துச் சேமிக்க வேண்டும். அப்படிச் சேமித்தாலும் தமிழுக்கு என்று ஒரு தொல்லை உண்டு. பிடிஎஃபிலிருந்து எழுத்தை எடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி, ‘கொ’ என்பது சிதறி வருவது அடிக்கடி நடக்கிறது. அந்தச் சிதறல் அப்படியே குரலிலும் வரும். அதனால் பிடிஎஃபோடு வேர்டு கோப்பையும் சேர்த்துக் கொடுப்பதுதான் தமிழ் ஆவணத்துக்குப் பாதுகாப்பு.

எல்லாவற்றுக்கும் மேல், அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து வெளியிடும் பழக்கம். ஸ்கேன் செய்த பக்கம் முழுக்க முழுக்க ஒரு படம். அதில் தலைப்பும் இல்லை, அட்டவணையும் இல்லை, எழுத்தே இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42-ஆம் பிரிவில், ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வரும் உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு ஆவன செய்ய வேண்டும் என்கிறது. கையெழுத்திட்ட பிரதி அலுவலகக் கோப்புக்குத் தேவைதான். அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதை வெளியிடும் அதே இடத்தில், அதே நாளில், தட்டச்சு செய்த மூலக் கோப்பையும் வெளியிடுங்கள். உங்கள் கல்லூரியோ அலுவலகமோ ஸ்கேன் பிரதியை மட்டும் அனுப்பினால், வேர்டு கோப்பை அனுப்பும்படி கேட்டு எழுதுங்கள். தட்டச்சு செய்தவரின் கணினியில் அது இருக்கிறது.